பத்துப் பைசா குறைஞ்சா என்ன ஆகும்? – தொழில் திட்டத்தை அசைச்சுப் பார்ப்போம்



குழுவாகத் தொழில் தொடங்கணும்னா திட்ட அறிக்கை எழுதுகிறோம். எவ்வளவு முதலீடு, எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு, மாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். கடைசி வரியில் மிச்சம் வந்துவிட்டால் சந்தோஷமாகக் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம்.

ஆனால் அந்த அறிக்கையில் இருக்கிற விலை எல்லாம் எழுதின அன்றைய விலை. விற்பனை எல்லாம் நாம நினைச்ச விற்பனை. தொழில் ஆரம்பிச்ச பிறகு இதில் எதுவும் அப்படியே நிற்காது. ஒவ்வொன்றும் கொஞ்சம் நகர்ந்தால் அந்தக் கடைசி வரி எவ்வளவு நகரும்? இதைக் கடன் வாங்குவதற்கு முன்னாடியே பேப்பரில் போட்டுப் பார்க்க முடியும். வங்கிக்காரர்கள் இதை 'சென்சிடிவிட்டி அனாலிசிஸ்' என்பார்கள். பெயர்தான் பெரிசு. கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

பாக்கு மட்டைத் தட்டுத் தொழிலை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்க ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படைக் கணக்கு

ஐந்து பேர் சேர்ந்து அச்சு மெஷின் வாங்குகிறோம். மெஷின், வயரிங், ஷெட் வேலை எல்லாம் சேர்த்து ரூ.2,50,000. கையிலிருந்து ரூ.50,000. மீதி ரூ.2,00,000 கடன். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், குறையும் அசலுக்கு மட்டும். 36 மாதத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் ரூ.6,650.

ஒரு நாளைக்கு 600 தட்டு, மாதம் 25 நாள் வேலை. ஆக 15,000 தட்டு. ஒரு தட்டு 4 ரூபாய்க்கு விற்கிறோம். வரவு ரூ.60,000.

செலவை இரண்டாகப் பிரிக்கணும். இதுதான் முக்கியம்.

தட்டு போட்டால்தான் வரும் செலவு ஒரு வகை. ஒரு தட்டுக்கு மட்டை ரூ.1.50, கூலி ரூ.1.00, கரண்டு 10 பைசா, கட்டி அனுப்ப 20 பைசா. மொத்தம் ரூ.2.80.

தட்டு போட்டாலும் போடாவிட்டாலும் வரும் செலவு இன்னொரு வகை. இடத்து வாடகை ரூ.3,000, மெஷின் பராமரிப்பு ரூ.1,000, போன் மற்றும் சில்லறைச் செலவு ரூ.850, கடன் தவணை ரூ.6,650. மொத்தம் ரூ.11,500.

இப்போ பாருங்க. 4 ரூபாயில் ரூ.2.80 போக, ஒரு தட்டில் நிற்பது ரூ.1.20. பதினைந்தாயிரம் தட்டுக்கு ரூ.18,000. அதில் ரூ.11,500 போனால் மிச்சம் ரூ.6,500.

இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, மெஷினில் உட்காருகிற உறுப்பினருக்குக் கூலியைச் செலவில் சேர்த்துவிட்டோம். சில அறிக்கையில் "நம்ம ஆளுங்கதானே" என்று கூலியை விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் மிச்சம் ரூ.21,500 என்று பெரிசாகத் தெரியும். அது லாபம் கிடையாது, நம்ம உழைப்பு.

இரண்டாவது, மட்டை விலை. சந்தையில் ஒரு மட்டை ரூ.1.35 என்று வைத்தோம். பத்து மட்டையில் ஒன்று வெடிச்சோ பூசணம் பிடிச்சோ வீணாகும். பத்து மட்டைக்கு ரூ.13.50 கொடுத்து ஒன்பது தட்டுதான் எடுக்கிறோம். ஆகவே நல்ல தட்டு ஒன்றுக்கு மட்டைச் செலவு ரூ.1.50. சேதாரத்தையும் சேர்த்தால்தான் அது உண்மையான மட்டை விலை.

ஒவ்வொன்றாக அசைப்போம்

இப்போ ஒரு சமயத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் 10 சதவீதம் நமக்குப் பாதகமாக மாற்றணும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். மிச்சம் ரூ.6,500 என்ன ஆகிறது என்று பார்க்கணும்.

- வாடகை ஏறினால் (ரூ.3,300): மிச்சம் ரூ.6,200
- கரண்டுச் செலவு ஏறினால் (11 பைசா): மிச்சம் ரூ.6,350
- கூலி ஏறினால் (ரூ.1.10): மிச்சம் ரூ.5,000
- விற்பனை எண்ணிக்கை குறைந்தால் (13,500 தட்டு): மிச்சம் ரூ.4,700
- மட்டை விலை ஏறினால் (ரூ.1.65): மிச்சம் ரூ.4,250
- விற்கும் விலை குறைந்தால் (ரூ.3.60): மிச்சம் ரூ.500

கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. விலை பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. மிச்சம் பத்தில் ஒரு பங்கு குறையவில்லை. ஏறக்குறைய முழுசும் போய்விட்டது!

ஏன் இப்படி? தட்டு நாலு ரூபாய்க்கு விற்றாலும் நம்ம கையில் நிற்பது ரூ.1.20தான். அதிலும் தவணை, வாடகை எல்லாம் போக, ஒரு தட்டுக்கு 43 பைசாதான் உண்மையான மிச்சம். விலையில் 40 பைசா குறைந்தால் அது மட்டையிலிருந்தோ கூலியிலிருந்தோ குறையாது. நேராக அந்த 43 பைசாவிலிருந்துதான் போகும்.

விற்பனை எண்ணிக்கை குறைந்தால் அப்படி இல்லை. 1,500 தட்டு விற்காவிட்டால் அந்தத் தட்டுக்கு மட்டையும் வாங்க மாட்டோம், கூலியும் கொடுக்க மாட்டோம். அதனால் நஷ்டம் தட்டுக்கு ரூ.1.20 மட்டும்தான், மொத்தம் ரூ.1,800. எண்ணிக்கை குறைவதைவிட விலை குறைவது மூன்று மடங்குக்கு மேல் அடிக்கிறது.

இந்தக் கணக்கு எங்கே உதவும் தெரியுமா? மொத்த வியாபாரி வந்து, "தட்டுக்கு நாப்பது பைசா குறைச்சுக்கம்மா, மாசம் முழுக்க நானே எடுத்துக்கறேன்" என்பார். கேட்க நல்லாத்தான் இருக்கும். ரூ.3.60க்குக் கொடுத்தால் ஒரு தட்டில் நிற்பது 80 பைசா. பழைய ரூ.6,500 மிச்சம் வேண்டுமென்றால் ரூ.18,000 நிற்கணும். அதை 80 பைசாவால் வகுத்தால் 22,500 தட்டு. அதாவது ஒன்றரை மடங்கு தட்டு போடணும். "இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு எடுப்பீங்களா? நம்ம மெஷினும் ஆளும் அவ்வளவு போட முடியுமா?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் தலையாட்டக் கூடாது. இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அந்த ஆர்டர் நமக்கு வேலையைத் தரும், காசைத் தராது.

எதுவரைக்கும் தாங்கும்?

பத்து சதவீதம் என்பது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு. அடுத்த கேள்வி, மிச்சம் சைபர் ஆகிற இடம் எது? இதையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

விலையில், தட்டுக்கு 43 பைசா குறையும் வரை தாங்கும். ரூ.3.57க்குக் கீழே போனால் நஷ்டம். மட்டையில் ரூ.1.93 வரை தாங்கும். எண்ணிக்கையில் ரூ.11,500ஐ ரூ.1.20ஆல் வகுத்தால் 9,584 தட்டு. அதற்குக் கீழே விற்றால் தவணைக்குக் கையைக் கடிக்கும்.

இந்த மூன்று எண்ணையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் பில் புக்கைப் பார்க்கும்போது எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோமா என்று உடனே தெரியும்.

ஆனால் ஒன்று. எல்லாம் ஒரே அளவுக்கு மாறாது. வாடகை வருடத்துக்கு ஒரு தடவை ஏறும், முன்கூட்டியே தெரியும். மட்டை அப்படி இல்லை. மழைக்காலத்தில் விலை ஏறாவிட்டாலும் சேதாரம் ஏறும். ஈரமான மட்டை காயாமல் பூசணம் பிடிச்சு நாலுக்கு ஒன்று வீணானால், அதே ரூ.1.35 மட்டை நல்ல தட்டு ஒன்றுக்கு ரூ.1.80 ஆகிவிடும். அதனால் 10 சதவீதத்தோடு நிற்காமல், 'நிஜத்தில் இது எவ்வளவு மாறியிருக்கு' என்று கேட்கணும். ஏற்கெனவே இந்தத் தொழில் செய்கிற குழுவின் பில் புக்கில் ஒரு வருட விலையைப் பார்த்தால் உச்சமும் தாழ்வும் கிடைச்சிடும்.

எல்லாம் சேர்ந்து வந்தால்?

கஷ்டம் தனியாக வராது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, தட்டு போகாது. போகாததால் வியாபாரி விலையைக் குறைச்சுக் கேட்பார். ஐப்பசியில் முகூர்த்தம் உண்டு, ஆனால் அடைமழையில் மட்டை காயாது, தட்டும் கம்மியாகத்தான் போட முடியும். இப்படிச் சேர்ந்து வருகிறவற்றைச் சேர்த்தே மாற்றிப் பார்ப்பதுதான் சூழ்நிலைக் கணக்கு. மூன்று சூழ்நிலை போதும்.

நல்ல மாதம்: தை, மாசி, சித்திரை, வைகாசி. கல்யாணம், கோயில் விசேஷம், அன்னதானம். மட்டையும் நல்லாக் காயும். கூடுதல் நேரம் உட்கார்ந்து 18,000 தட்டு, விலை ரூ.4.20, மட்டை ரூ.1.40. ஒரு தட்டில் நிற்பது ரூ.1.50. மொத்தம் ரூ.27,000. மிச்சம் ரூ.15,500.

சாதாரண மாதம்: பங்குனி, ஆனி, ஆவணி, கார்த்திகை. நம்ம அடிப்படைக் கணக்குதான். மிச்சம் ரூ.6,500.

கஷ்ட மாதம்: ஆடி, புரட்டாசி, ஐப்பசி, மார்கழி. 9,000 தட்டு, விலை ரூ.3.80, மட்டை ரூ.1.80. ஒரு தட்டில் நிற்பது 70 பைசா. மொத்தம் ரூ.6,300. தவணை, வாடகை எல்லாம் சேர்ந்து ரூ.11,500. துண்டு விழுவது ரூ.5,200.

இந்த மாதங்களில் கூலியும் ரூ.15,000லிருந்து ரூ.9,000 ஆகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. குழுவுக்கும் பணமில்லை, உறுப்பினர் வீட்டிலும் பணமில்லை. "ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தவணையைக் கட்டிடலாம்" என்று அந்த நேரத்தில் சொன்னால் எங்கிருந்து போடுவது?

வருடக் கணக்கைப் பாருங்க. நல்ல மாதம் நாலுக்கு ரூ.62,000. சாதாரண மாதம் நாலுக்கு ரூ.26,000. கஷ்ட மாதம் நாலுக்குத் துண்டு ரூ.20,800. மொத்த மிச்சம் ரூ.67,200. ஆக, தொழில் நல்ல தொழில்தான். ஆனாலும் இதே தொழில் கவிழ முடியும். எப்படி?

எந்த மாதம் ஆரம்பிக்கிறோம்?

கடன் ஆனிக் கடைசியில் கைக்கு வருகிறது. ஆடியில் மெஷின் ஓட ஆரம்பிக்கிறது. மாதாமாதம் கையில் என்ன இருக்கும் என்று கூட்டிக்கொண்டே போவோம்.

- ஆடி: துண்டு ரூ.5,200
- ஆவணி: கையில் ரூ.1,300
- புரட்டாசி: துண்டு ரூ.3,900
- ஐப்பசி: துண்டு ரூ.9,100
- கார்த்திகை: துண்டு ரூ.2,600
- மார்கழி: துண்டு ரூ.7,800
- தை: கையில் ரூ.7,700

ஐப்பசியில் ரூ.9,100 வரை துண்டு விழுகிறது. தொடங்கும்போதே அந்தப் பணம் தனியாகக் கையில் இருந்தால் தை மாதத்தை எட்டிவிடலாம். இல்லாவிட்டால் வருடத்துக்கு ரூ.67,200 கொடுக்கக்கூடிய தொழில், ஐப்பசித் தவணைக்கு வெளிக் கடன் வாங்க வைக்கும்.

இதே தொழிலைத் தையில் ஆரம்பிச்சால், ஆனி முடியும்போது கையில் ரூ.75,000 சேர்ந்திருக்கும். பிறகு கஷ்ட மாதம் நாலும் வந்தாலும் துண்டு விழாது. ஆனால் ஒரு நிபந்தனை. நல்ல மாதத்து மிச்சத்தை அப்பப்போ பங்கு போட்டிருக்கக் கூடாது. கஷ்ட மாதம் நாலுக்கும் தேவையான ரூ.20,800ஐ முதலில் குழுக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் இருப்பதைத்தான் பிரிக்கலாம்.

கடன் தொகையைவிட, அது எப்போ வரும் என்பதுகூட முடிவைத் திருப்பிப் போடும் என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும்.

கணக்கு சொன்ன பிறகு என்ன செய்யலாம்?

துண்டு விழும் என்று தெரிந்தால் தொழிலையே விட்டுவிடணும் என்று அர்த்தமில்லை. திட்டத்தை மாற்றலாம்.

தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். இதே ரூ.2,00,000ஐ 60 மாதத்தில் கட்டினால் தவணை சுமார் ரூ.4,450. கஷ்ட மாதத்துத் துண்டு ரூ.5,200லிருந்து ரூ.3,000 ஆகும். ஆனால் இலவசம் இல்லை. 36 மாதத்தில் மொத்தம் கட்டுவது ரூ.2,39,400. 60 மாதத்தில் ரூ.2,67,000. கூடுதல் வட்டி ரூ.27,600. நிம்மதிக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா, இல்லை அதற்குப் பதிலாகக் கையிருப்பைச் சேர்த்துக்கொண்டு தொடங்கலாமா என்று குழுவில் பேசித்தான் முடிவெடுக்கணும்.

மட்டையைக் கோடையிலேயே வாங்கி, நல்லாக் காயவைச்சு, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைக்கலாம். மழைக்காலத்தில் மட்டை ரூ.1.80க்குப் பதிலாக ரூ.1.50க்கே கிடைச்சால், 9,000 தட்டுக்கு மாதம் ரூ.2,700 மிச்சம். கஷ்ட மாதத் துண்டில் பாதிக்கு மேல் இதிலேயே அடைஞ்சிடும். ஆனால் நாலு மாத மட்டைக்குக் கோடையில் மொத்தமாகப் பணம் முடங்கும். 36,000 தட்டுக்கு ரூ.1.50 வீதம் ரூ.54,000. அதையும் திட்டத்தில் சேர்க்கணும்.

வாடகையில் முந்நூறு ரூபாய் குறைக்க நாலு தடவை நடப்பதைவிட, சமையல் ஒப்பந்தக்காரர், கல்யாண மண்டபம், கோயில் என்று ரூ.4க்கு நேராக வாங்குகிற இடத்தைத் தேடி நடக்கலாம். எந்த எண் அதிகம் அடிக்கிறதோ அங்கேதான் நம்ம நேரத்தைச் செலவு செய்யணும்.

இந்தக் கணக்கு சொல்லாதது

இது ஜோசியம் இல்லை. கஷ்டம் வந்தால் எவ்வளவு அடிக்கும் என்று சொல்லும். வருமா வராதா என்று சொல்லாது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது கல்யாணக் கூட்டமெல்லாம் நின்றுபோனது. அப்படி ஒரு மாதம் தட்டே போகவில்லை என்றாலும் தவணை, வாடகை என்று ரூ.11,500 நிற்கும். அதனால் கஷ்ட மாதத்துக்கு அப்பால், 'ஒரு தட்டும் போகலைன்னா எத்தனை மாதம் தாங்குவோம்' என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளணும்.

கடனுக்குப் போன சரக்கும் இந்தக் கணக்கை ஏமாற்றும். 15,000 தட்டு விற்றாச்சு என்று எழுதியிருப்போம். வியாபாரி பாதிப் பணத்தை இரண்டு மாதம் கழிச்சுத் தருவார். தவணை காத்திருக்காது. மாதக் கையிருப்புக் கணக்கில் பணம் கைக்கு வந்த மாதத்தில்தான் வரவு எழுதணும்.

இன்னொரு ஆபத்து நம்மிடமே இருக்கிறது. கடன் கிடைக்கணுமே என்று 'கஷ்ட மாதம்' என்ற பெயரில் 14,000 தட்டு என்று எழுதிவிடுவது. அந்தப் பேப்பர் யாருக்கும் உதவாது. கஷ்ட மாதத்து எண்ணை எழுதின பிறகு, அந்தத் தொழில் செய்கிற ஒருவரிடம் காட்டி, "உங்களுக்கு இதைவிட மோசமான மாதம் வந்திருக்கா?" என்று கேளுங்கள். "ஆமா" என்றால் எண்ணை மாற்றுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு நீங்க யோசிக்கிற தொழிலின் அறிக்கையையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு வாங்க. முதலில் செலவை இரண்டாகப் பிரிங்க. பிறகு விலை, எண்ணிக்கை, மூலப்பொருள், கூலி என்று ஒவ்வொன்றாக 10 சதவீதம் அசைச்சு, மிச்சத்தை எழுதுங்க. எது அதிகம் அடிக்கிறதோ அதற்கு ஒரு வட்டம் போடுங்க. அப்புறம் பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதி, எந்த மாதம் அதிகம் துண்டு விழுகிறது, எவ்வளவு என்று பாருங்க. அந்தத் தொகை கையில் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்த பிறகு, கடன் மனுவில் கையெழுத்துப் போடலாம்.